ஒரே மரபணுவை வைத்து 30 நாள்: மரபியல் தேர்வுத் திருப்புதல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் முதுகலை படித்த காலத்திலிருந்தே, செமஸ்டர் தேர்வு நெருங்கும்போதெல்லாம் விடுதித் தங்கைகளும் தம்பிகளும் மரபியல் தாளைப் பற்றி என்னிடம் கேட்கும் ஐயங்கள் ஏறக்குறைய மாறுவதே இல்லை. அவற்றை அவர்கள் கேட்ட சொற்களிலேயே எழுதி, கீழே விடை தந்திருக்கிறேன். எளியவை முன்னும் சிக்கலானவை பின்னுமாக வருவதால், முதல்முறை வரிசையாகவே படிப்பது நல்லது.

அக்கா, சரியா 30 நாள் இருக்கு. மெண்டல், மூலக்கூறு, பாப்புலேஷன் மூணையும் எப்படிப் பிரிக்கிறது?

முதல் 2 நாள்கள் புத்தகத்தைத் திறக்காமல், பழைய வினாத்தாள் ஒன்றை நேரக் கட்டுப்பாடு இல்லாமல் எழுதிப் பாருங்கள். 3 முதல் 9ஆம் நாள் வரை மெண்டலிய விகிதங்கள், மரபுக்கால்வழி வரைபடம், கை-ஸ்கொயர் ஆகியவற்றையும், அவற்றோடு சேர்த்து ஹார்டி-வீன்பெர்க் கணக்கையும் படியுங்கள். 10 முதல் 12 வரை பிணைப்பும் மரபணு வரைபடமும். 13 முதல் 21 வரையிலான 9 நாள்கள் மூலக்கூறு மரபியலுக்கு. 22 முதல் 25 வரை இயற்கைத் தேர்வு, மரபணு நகர்வு, உள்ளினக்கலப்பு போன்ற இனத்தொகை மரபியலின் மீதிப் பகுதி. 26 முதல் 29 வரை முழு வினாத்தாள்கள். 30ஆம் நாள் உங்கள் சொந்தக் குறிப்புகளைப் புரட்டிப் பார்ப்பதற்கு மட்டும்.

முதல் 2 நாள் எழுதிய தாளைத் திருத்தும்போது மதிப்பெண்ணைக் கூட்டிக்கொண்டிருக்க வேண்டாம். ஒவ்வொரு பிழைக்கும் எதிரே அதன் காரணத்தை ஓரிரு சொற்களில் குறியுங்கள்: 'தெரியாது', 'கணக்குப் பிழை', 'கேள்வி புரியவில்லை'. என்னிடம் காட்டப்பட்ட தாள்களில் பெரும்பாலானவற்றில் மூன்றாம் வகைதான் அதிகம் இருந்தது. அந்த வகைப் பிழை இன்னொரு முறை பாடத்தைப் படிப்பதால் குறைவதில்லை. கணக்குகளைப் போட்டுப் பார்த்தால்தான் குறையும்.

பாப்புலேஷன் ஜெனடிக்ஸ் கடைசி யூனிட். அதைக் கடைசியில் படிச்சாப் போதாதா? முதல் வாரத்திலேயே ஏன் ஹார்டி-வீன்பெர்க்?

கடைசியில் வைத்தால் அது இரண்டு நாளாகச் சுருங்கிவிடும் என்பது ஒரு காரணம். பாடத்தின் உள்ளமைப்பு அதைவிட முக்கியமான காரணம். Aa × Aa கலப்பில் 1/4, 1/2, 1/4 என்று வருவதும், p², 2pq, q² என்று வருவதும் ஒரே பெருக்கல்தான். மெண்டலின் கலப்பில் இரு பெற்றோரும் Aa என்பதால் ஒவ்வோர் அல்லீலின் நிகழ்தகவும் 1/2 ஆக இருக்கிறது. இனத்தொகையில் அதே இடத்தில் p, q என்ற எண்கள் வந்து அமர்கின்றன. p = q = 1/2 என்று போட்டால் 1:2:1 தானாகவே கிடைத்துவிடும்.

மெண்டலின் கட்டுரை 1866இல் அச்சேறியது. ஹார்டியும் வீன்பெர்க்கும் தனித்தனியே இந்தச் சமநிலையை எழுதியது 1908இல். இடையில் 42 ஆண்டுகள் இருப்பதால் பாடத்திட்டமும் அவற்றை வெகுதூரம் பிரித்து வைத்திருக்கிறது. ஒரு மாதத்தில் திருப்பிப் பார்ப்பவர் அந்த வரலாற்று வரிசைக்குக் கட்டுப்பட வேண்டியதில்லை.

'ஒரே மரபணுவை வைத்துப் படி'ன்னு சொல்றீங்களே, அது என்ன மரபணு? ஏன் அது?

ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலிக்கான மரபணு, அதாவது கதிர் அரிவாள் இரத்தச் சோகைக்குக் காரணமான மரபணு. மூன்று பகுதிகளிலும் அது ஒவ்வொரு முகத்தைக் காட்டுகிறது. மெண்டலிய முறையில் பார்த்தால் அது உடல் குரோமோசோமில் அமைந்த ஒடுங்கு நோய். மூலக்கூறு முறையில் பார்த்தால் ஒரே ஒரு கார மாற்றம். இனத்தொகையில் பார்த்தால் மலேரியா உள்ள இடங்களில் கடத்திகளுக்கு நன்மை தருவதால் நிலைத்து நிற்கும் அல்லீல். இது தொலைதூரக் கதையும் அன்று: இந்தியாவில் இந்த அல்லீல் இருப்பதை லேமன், கட்புஷ் ஆகியோர் 1952இல் முதலில் பதிவு செய்தது நம் நீலகிரிப் பழங்குடி மக்களிடையேதான்.

ஒவ்வொரு நாளும் படிப்பின் கடைசி 40 நிமிடங்களை இந்த மரபணுவுக்கு ஒதுக்குங்கள். அன்று படித்த கருத்தை இதன்மேல் பொருத்தி நீங்களே ஒரு கேள்வியை எழுதி, நீங்களே விடை காணுங்கள். கீழே வரும் கணக்குகள் அனைத்தும் அப்படி எழுந்தவையே. பிணைப்பும் லாக் ஓப்பரானும் மட்டும் இதற்குள் அடங்காது. அவற்றைத் தனியாகத்தான் படிக்க வேண்டும்.

நாளுக்கு எத்தனை மணி நேரம்?

நான்கு மணி நேரம், அதுவும் எழுதிப் பார்க்கும் நான்கு மணி நேரம். விடுதியில் இரைச்சல் என்பவர்கள் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகங்களைக் கொண்டுபோய்ப் படிக்கும் பகுதியைப் பயன்படுத்தலாம். மின்தொடர் வண்டியில் தாம்பரத்திலிருந்து வரும் நேரத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். நின்றுகொண்டே கை-ஸ்கொயர் போட முடியாது.

பெற்றோர் ரெண்டு பேருக்கும் நோய் இல்லை, தம்பிக்கு இருக்கு. நோயற்ற அக்கா கடத்தியா இருக்க வாய்ப்பு 1/2 தானே? விடையில 2/3ன்னு போட்டிருக்கு.

2/3 தான் சரி. இயல்பான அல்லீலை A என்றும் நோய்க்குரிய அல்லீலை S என்றும் எழுதுவோம். தம்பி SS என்பதால் பெற்றோர் இருவரும் AS என்பது உறுதி. அவர்களுக்குப் பிறக்கும் குழந்தை AA ஆக இருக்க 1/4, AS ஆக இருக்க 1/2, SS ஆக இருக்க 1/4 வாய்ப்பு. இதுவரை எல்லோரும் சரியாகவே எழுதுகிறார்கள். அடுத்த அடியில்தான் சறுக்கல். அக்காவுக்கு நோய் இல்லை என்று கேள்வியே சொல்லிவிட்டது. எனவே SS என்ற பெட்டியை அடித்துவிட வேண்டும். எஞ்சிய மூன்று பங்கில் இரண்டு பங்கு AS. ஆகவே 2/3.

பன்னெட் கட்டத்தை வரைந்து, SS கட்டத்தின்மேல் பேனாவால் குறுக்குக்கோடு போடுங்கள். அந்தக் கோட்டைப் போட்டவர்கள் 1/2 என்று எழுதி நான் பார்த்ததில்லை. அதே சமயம், அக்கா இன்னும் பிறக்கவில்லை என்றோ, அவருக்கு நோய் உண்டா என்று தெரியாது என்றோ கேள்வி சொன்னால் கோடு போடக் கூடாது; அப்போது 1/2 தான் விடை. கேள்வியில் 'நோயற்ற' என்ற ஒரு சொல் இருக்கிறதா என்று தேடுவதே இந்தக் கணக்கின் பாதி.

கை-ஸ்கொயர் போடத் தெரியும். ஆனா டிகிரி ஆஃப் ஃப்ரீடம் எப்ப 3, எப்ப 1, எப்ப 2ன்னு குழப்பமா இருக்கு.

முதலில் மெண்டலின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். இரு பண்புக் கலப்பில் அவர் எண்ணிய பட்டாணி விதைகள் 315, 108, 101, 32, மொத்தம் 556. 9:3:3:1 என்றால் எதிர்பார்க்க வேண்டியவை 312.75, 104.25, 104.25, 34.75. வேறுபாடுகளை வர்க்கப்படுத்தி, எதிர்பார்த்த எண்ணால் வகுத்துக் கூட்டினால் ஏறக்குறைய 0.47 வரும். வகைகள் நான்கு. மொத்தம் 556 என்பது நிலையானது என்பதால், மூன்று வகைகளின் எண்ணிக்கை தெரிந்தால் நான்காவது தானாகவே தெரிந்துவிடும். ஆகவே டிகிரி ஆஃப் ஃப்ரீடம் 3. அட்டவணை மதிப்பு 7.815. 0.47 அதைவிட மிகக் குறைவு என்பதால் விகிதத்தை ஏற்கிறோம்.

இங்கே 9:3:3:1 என்ற விகிதம் கோட்பாட்டிலிருந்து வந்தது. எண்ணிய விதைகளிலிருந்து வரவில்லை. ஹார்டி-வீன்பெர்க் கணக்கில் நிலைமை வேறு. அங்கே p எவ்வளவு என்று கோட்பாடு சொல்லாது. கையில் உள்ள தரவிலிருந்தே p-ஐக் கண்டுபிடித்து, அதே தரவோடு ஒப்பிடுகிறோம். தரவிலிருந்து ஒரு மதிப்பைக் கடன் வாங்கினால், ஒரு டிகிரியைத் திருப்பித் தர வேண்டும். எனவே வகைகள் மூன்று, அதில் மொத்தத்துக்கு 1 கழிவு, p-க்கு இன்னொரு 1 கழிவு: 3 − 1 − 1 = 1. q-க்குத் தனியாகக் கழிக்க வேண்டாம்; p தெரிந்தால் q = 1 − p. F2 தலைமுறையில் 1:2:1ஐச் சோதிக்கும்போதும் வகைகள் மூன்றுதான், ஆனால் எதையும் கடன் வாங்கவில்லை. ஆகவே அங்கே 2.

1க்குப் பதிலா 2ன்னு எழுதினா என்ன பெரிசா ஆயிடும்? ஒரு மார்க்தானே போகும்?

முடிவே தலைகீழாகிவிடும். எனக்கு அப்படித்தான் ஆனது. இரண்டாம் ஆண்டில் இத்தகைய கணக்கில் 2 என்று எழுதி, 'சமநிலையில் உள்ளது' என்று முடித்தேன். அடுத்த உட்பிரிவு 'விலகலுக்குக் காரணம் கூறுக' என்றிருந்தது. விலகலே இல்லை என்று எழுதியவளுக்கு அங்கே எழுத என்ன இருக்கும்? அந்தப் பக்கத்தை வெறுமையாகவே விட்டுவிட்டு வந்தேன்.

அதே போன்ற ஒரு கணக்கை இங்கே போட்டுக் காட்டுகிறேன் (எண்கள் பயிற்சிக்காக நான் அமைத்தவை). ஓர் இனத்தொகையில் 500 பெரியவர்களைச் சோதித்ததில் AA 401 பேர், AS 98 பேர், SS 1 நபர். மொத்த அல்லீல்கள் 1000. S அல்லீல்கள் 98 + 2 = 100. எனவே q = 0.1, p = 0.9. எதிர்பார்க்க வேண்டியவை:

```
AA: 0.81 × 500 = 405   (401 − 405)² / 405 = 0.040
AS: 0.18 × 500 =  90   ( 98 −  90)² /  90 = 0.711
SS: 0.01 × 500 =   5   (  1 −   5)² /   5 = 3.200
                                 கூட்டு   = 3.951
```

டிகிரி 1க்கு அட்டவணை மதிப்பு 3.841. நம் மதிப்பு 3.951 அதைத் தாண்டுகிறது, சமநிலை மறுக்கப்படுகிறது. டிகிரி 2க்கு அட்டவணை மதிப்பு 5.991; அதை வைத்தால் சமநிலை ஏற்கப்பட்டுவிடும். 3.84க்கும் 5.99க்கும் நடுவே விழுமாறு கேள்வி அமைக்கும் தேர்வாளர் இந்தக் குழப்பத்தை அறிந்தே அமைக்கிறார்.

கூட்டல் சரியா என்று பார்க்க ஒரு குறுக்குவழியும் உண்டு. கண்ட AS எண்ணிக்கையை எதிர்பார்த்த AS எண்ணிக்கையால் வகுத்து 1லிருந்து கழியுங்கள்: F = 1 − 98/90 = −0.089. இரண்டே அல்லீல்கள் உள்ளபோது கை-ஸ்கொயர் என்பது N × F². அதாவது 500 × 0.0079, ஏறக்குறைய 3.95. இரண்டு விடைகளும் ஒத்துப்போகாவிட்டால் மேலே எங்கோ பிழை இருக்கிறது. இன்னொன்றையும் கவனியுங்கள்: SS-க்கு எதிர்பார்த்த எண் 5. அது 5க்குக் கீழே போனால் கை-ஸ்கொயர் நம்பத்தக்கதன்று என்பது வழக்கமான விதி. விடையின் இறுதியில் இதை ஒரு வரியாகக் குறிப்பிடலாம்.

சரி, சமநிலை இல்லைன்னு வந்துடுச்சு. 'காரணம் கூறுக'ன்னா ஐந்து நிபந்தனையையும் எழுதிடலாமா?

எழுதக் கூடாது. கேள்வி கேட்பது இந்தத் தரவுக்குரிய காரணத்தை. விலகல் எந்தத் திசையில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். மேலே உள்ள கணக்கில் AS எதிர்பார்த்ததைவிட அதிகம் (90க்குப் பதில் 98), SS குறைவு (5க்குப் பதில் 1). ஆகவேதான் F எதிர்க்குறியாக வந்தது. உள்ளினக்கலப்பு நடந்திருந்தால் இதற்கு நேர்மாறாக AS குறைந்து F நேர்க்குறியாக வந்திருக்கும். இரண்டு தனித்த இனத்தொகைகளை ஒன்றாகக் கலந்து எண்ணிவிட்டாலும் AS குறைவாகவே தெரியும். எனவே அந்த இரு காரணங்களையும் இங்கே எழுதினால் தவறு.

சோதிக்கப்பட்டவர்கள் பெரியவர்கள் என்று கேள்வியில் உள்ளது. SS குழந்தைகளில் பலர் அந்த வயதை எட்டாமலே இறந்திருக்கலாம். மலேரியா உள்ள இடத்தில் AA குழந்தைகளிலும் ஒரு பகுதியினர் இறந்திருக்கலாம். AS குழந்தைகள் அதிகம் பிழைத்திருப்பர். இந்த மூன்று வாக்கியங்களும் போதும். 'பிறந்த குழந்தைகளிடம் இதே சோதனையைச் செய்தால் சமநிலை கிடைக்கும் என்று எதிர்பார்க்கலாம்' என்று நான்காவதாக ஒரு வாக்கியம் சேர்த்தால், தேர்வாளருக்கு நீங்கள் புரிந்துதான் எழுதியிருக்கிறீர்கள் என்பது தெரிந்துவிடும்.

மூலக்கூறு பகுதியை மனப்பாடம் பண்ணினாலும், டி.என்.ஏ வரிசை கொடுத்து அமினோ அமிலம் கேட்டா தப்பாயிடுது.

பெரும்பாலும் தவறுவது திசையில்தான். வார்ப்புரு இழையை 5′லிருந்து 3′ நோக்கி எழுதிக் கொடுத்து, புரதத்தைக் கேட்பார்கள். பீட்டா குளோபினின் 5, 6, 7ஆம் குறியன்களையே எடுத்துக்கொள்வோம்.

```
வார்ப்புரு இழை : 5′-CTC CTC AGG-3′
திருப்பி எழுதுக : 3′-GGA CTC CTC-5′
தூது ஆர்.என்.ஏ  : 5′-CCU GAG GAG-3′
புரதம்          : புரோலின் – குளுட்டாமிக் அமிலம் – குளுட்டாமிக் அமிலம்
```

இரண்டாவது வரியை விட்டுவிட்டு நேரடியாக எதிர்க்காரங்களை எழுதினால் GAG GAG UCC என்று வரும். அதைப் படித்தால் குளுட்டாமிக் அமிலம், குளுட்டாமிக் அமிலம், செரின். பார்வைக்கு மிகவும் நியாயமான விடைபோலத் தோன்றும், நிறுத்தக் குறியன் ஏதும் குறுக்கிடாது, ஐயமே எழாது. ஆனால் அது தவறு. ஆகவே நேரம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் திருப்பி எழுதும் அந்த வரியை விடாதீர்கள்.

நோயுள்ள அல்லீலில் ஆறாவது குறியன் GAG என்பதிலிருந்து GUG ஆகிறது. குளுட்டாமிக் அமிலம் இருந்த இடத்தில் வாலின். குளுட்டாமிக் அமிலத்துக்கு எதிர் மின்சுமை உண்டு. வாலினுக்கு மின்சுமை இல்லை. அதனால் காரத்தன்மையுள்ள கரைசலில் எலக்ட்ரோபோரெசிஸ் செய்தால் S ஹீமோகுளோபின் நேர்மின்வாயை நோக்கி A-ஐவிட மெதுவாக நகரும். பாலிங்கும் அவருடைய குழுவினரும் 1949இல் கண்டது இந்த வேறுபாட்டைத்தான். சில புதிய நூல்களில் ஏழாவது குறியன் என்றிருக்கும்; தொடக்க மெத்தியோனினையும் சேர்த்து எண்ணுவதால் வரும் வேறுபாடு அது, பிழையன்று.

ஜெல் படத்தைக் காட்டி 'யார் கடத்தி?'ன்னு கேட்டா எதைப் பார்க்கணும்?

வெட்டுமிடம் போயிற்றா, இருக்கிறதா என்பதை. எம்.எஸ்.டி.2 என்னும் வெட்டு நொதி CCTNAGG என்ற வரிசையை அறிந்து வெட்டும். N என்பது எந்தக் காரமாகவும் இருக்கலாம். இயல்பான மரபணுவில் குறியீட்டு இழை CCTGAGG என்றிருப்பதால் வெட்டு விழும். S அல்லீலில் அது CCTGTGG ஆகிவிடுவதால் வெட்டு விழாது. ஆகவே A அல்லீல் 1.15 கிலோபேஸ், 0.2 கிலோபேஸ் என்ற இரு துண்டுகளைத் தரும். S அல்லீல் 1.35 கிலோபேஸ் அளவில் ஒரே துண்டாக நிற்கும். கடத்தியின் பாதையில் மூன்று பட்டைகளும் இருக்கும். 0.2 பட்டை சிறியது என்பதால் படத்தில் பல சமயம் காட்டப்படுவதில்லை; அதைக் காணோமே என்று தயங்க வேண்டாம், 1.15உம் 1.35உம் சேர்ந்து நின்றால் கடத்திதான்.

பெரிய துண்டு மேலே, கிணற்றுக்கு அருகில் நிற்கும். பரபரப்பில் இதைத் தலைகீழாகப் படித்தவர்கள் உண்டு. படத்தைப் பார்த்தவுடன் அதன் ஓரத்தில் 'கிணறு' என்று எழுதிக்கொள்ளுங்கள்.

லிங்கேஜ் மேப்பிங்குக்கு 3 நாள் போதுமா?

போதும். மூன்று மரபணுச் சோதனைக் கலப்பில் இரட்டைக் குறுக்கேற்றத்தை மறந்துவிடுவதே பெரும்பாலும் நடக்கும் பிழை. 1000 சேய்களில் பெற்றோர் வகை 775, முதல் இடைவெளியில் குறுக்கேற்றம் 110, இரண்டாவதில் 105, இரட்டை 10 என்றால், முதல் தொலைவு (110 + 10)/1000, அதாவது 12 அலகு. இரண்டாவது (105 + 10)/1000, அதாவது 11.5 அலகு. இரட்டையை இரு பக்கமும் கூட்ட வேண்டும். இரு ஓரங்களிலும் உள்ள மரபணுக்களுக்கு இடையிலான தொலைவு 23.5. எதிர்பார்த்த இரட்டை 0.12 × 0.115 × 1000 = 13.8, கண்டது 10, குறுக்கீடு 1 − 10/13.8, ஏறக்குறைய 0.28. இதே வகையில் நாளுக்கு மூன்று கணக்குகள் போடுங்கள்; வேறெதுவும் வேண்டாம்.

மூணு பகுதியும் கலந்து ஒரே கேள்வியா வந்தா எப்படி அணுகறது?

ஒவ்வொரு நபருக்கும் தனித்தனி நிகழ்தகவை எழுதி, கடைசியில்தான் பெருக்க வேண்டும். எடுத்துக்காட்டு: ஐந்தாம் கேள்வியில் பார்த்த அக்கா, S அல்லீலின் நிகழ்வெண் 0.1 ஆக உள்ள, சமநிலையில் இருக்கும் ஓர் இனத்தொகையைச் சேர்ந்த நோயற்ற, உறவல்லாத ஒருவரை மணக்கிறார். குழந்தை SS ஆகப் பிறக்க வாய்ப்பு என்ன?

அக்கா கடத்தியாக இருக்க 2/3. கணவரைப் பொறுத்தவரை 2pq = 0.18 என்று உடனே எழுதிவிடத் தோன்றும். ஆனால் அவரும் நோயற்றவர். அங்கே போட்ட அதே குறுக்குக்கோட்டை இங்கேயும் SS-இன்மேல் போட வேண்டும். ஆகவே 0.18/0.99, அதாவது 2/11. இருவரும் கடத்திகளானால் குழந்தை SS ஆக 1/4. பெருக்கினால் 2/3 × 2/11 × 1/4 = 1/33.

இதன் பிறகு 'அக்காவின் ஜெல்லில் 1.15, 1.35 இரண்டும் தெரிகின்றன' என்று மூன்றாம் உட்பிரிவு வரும். உடனே 2/3க்குப் பதில் 1 வைத்து மீண்டும் பெருக்குங்கள்: 1 × 2/11 × 1/4 = 1/22. கணவரின் ஜெல்லில் 1.35 பட்டை இல்லை என்றால் அவரிடமிருந்து S அல்லீல் வர வழியில்லை. குழந்தை SS ஆகப் பிறக்கும் வாய்ப்பு 0. ஜெல்லின் விடை வந்த பிறகும் 2/3ஐப் பிடித்துக்கொண்டிருப்பதுதான் இந்தக் கேள்வியில் நான் அதிகம் கண்ட பிழை.

கடைசி 4 நாளில் எத்தனை பேப்பர் எழுதணும்? மழை வந்து தேர்வு தள்ளிப்போனா?

இரண்டு. 26ஆம் நாளும் 28ஆம் நாளும் தேர்வு நடக்கும் அதே நேரத்தில், மூன்று மணி நேரம் முழுத்தாள். 27, 29ஆம் நாள்களில் முதல் விடையில் சொன்ன முறைப்படி காரணம் குறித்துத் திருத்தம். நவம்பர் தேர்வு என்றால் சென்னை மழையில் ஓரிரு நாள் தள்ளிப்போவது நடப்பதுதான். அப்படித் தள்ளிப்போனால் புதிய பாடம் எதையும் தொடாமல், 'கேள்வி புரியவில்லை' என்று குறித்த கணக்குகளை மட்டும் மீண்டும் போடுங்கள்.

SS இருக்கறவங்க பெரும்பாலும் இறந்துட்டா, அந்த S அல்லீல் இந்நேரம் ஒழிஞ்சிருக்கணுமே? இதை ஒரு பெரிய கேள்வியா கேட்டா?

இரு பகுதிகளாக எழுதுங்கள். முதலில், கடத்திகளுக்கு நன்மை இருக்கும்போது. AS-இன் தகுதி 1, AA-இன் தகுதி 1 − s, SS-இன் தகுதி 1 − t என்று கொண்டால், S-இன் நிகழ்வெண் s/(s + t) என்ற இடத்தில் வந்து நிற்கும். SS எவரும் இனப்பெருக்கம் செய்வதில்லை என்று கொண்டால் t = 1. நிகழ்வெண் 0.1 என்றால் s = 1/9, ஏறக்குறைய 0.11. அதாவது AA உள்ளவர்களின் தகுதி கடத்திகளைவிட நூற்றுக்குப் பதினொன்று குறைந்தாலே போதும். SS அனைவரையும் இழந்தும் S அல்லீல் பத்தில் ஒன்று என்ற அளவில் நிற்கும். கிழக்கு ஆப்பிரிக்காவில் ஆலிசன் 1954இல் மலேரியாவோடு இதைப் பொருத்திக் காட்டினார். ஆண்டையும் பெயரையும் எழுதலாம்.

பிறகு, மலேரியா ஒழிந்துவிட்டால். அப்போது s = 0; S வெறும் ஒடுங்கு பாதக அல்லீல். n தலைமுறைகளுக்குப் பின் அதன் நிகழ்வெண் q₀/(1 + nq₀). 0.1 என்பது பாதியாகி 0.05 ஆக 10 தலைமுறைகள் ஆகும். தலைமுறைக்கு 25 ஆண்டு என்றால் 250 ஆண்டுகள். 0.01 பாதியாக 100 தலைமுறைகள் வேண்டும். அல்லீல் அரிதாக ஆக, அது பெரும்பாலும் AS-க்குள் ஒளிந்துகொள்கிறது. தேர்வு தொடுவது SS-ஐ மட்டுமே. q = 0.01 எனில் கடத்திகள் 0.0198, SS 0.0001, அதாவது ஒரு நோயாளிக்கு 198 கடத்திகள். இந்த எண்ணை விடையில் எழுதிவிட்டால் அதன்பின் விளக்கம் அதிகம் தேவைப்படாது.